‘தீர்ப்பு சொல்லாத வைத்தியர்’ சிறுகதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதைய இன்னும் படிக்கல, என்ன கதைன்னு சுருக்கமா சொல்லுங்களேன்?

கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, ரோமானியர் ஆட்சியில இருக்கிற அலெக்சாந்திரியா. அங்க ஒரு கிரேக்க வைத்தியர், வயசு அறுபதுக்கு மேல. காலையில நோயாளிங்களைப் பாப்பாரு, சாயங்காலம் நாலஞ்சு பசங்களுக்கு தத்துவம் சொல்லிக்கொடுப்பாரு. அவர் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், எந்தப் பொருளும் அதோட இயல்புல எப்படிப்பட்டதுன்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ரெண்டு பக்கமும் சமமான பலத்தோட வாதம் வந்து நிக்குது, அதனால நிறுத்தி வைக்கிறேன். இப்படி நிறுத்தி வைக்கிறதுக்கு கிரேக்கத்துல எபோக்கேன்னு பேரு.

அவர்கிட்ட ஒரு பையன் வந்து சேர்றான். முன்னாடி ஸ்டோயிக் பள்ளியில படிச்சவன். அங்க சொல்லிக்கொடுத்தது இதுக்கு நேர் எதிர், சில தோற்றங்கள் பொய்யாவே இருக்க முடியாத அளவுக்கு தெளிவா நம்ம மனசுல பதியும், ஞானி அதை மட்டும்தான் ஒத்துக்குவான்னு. பையனுக்கு இந்த வைத்தியர் ஒண்ணு பொய் சொல்றாரு இல்ல பைத்தியம்னு தோணுது, எப்படியாவது அவர் வாயாலயே ‘இது உண்மை’ன்னு ஒரு வார்த்தை வரவச்சுடணும்னு முடிவு பண்ணிடறான். வண்டி, தேன், கயிறு, கேள்வின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு சோதிக்கிறான். கடைசியில வைத்தியரோட தொடையில சீழ்க்கட்டி வந்து அதை அறுக்கவேண்டிய நாள் வருது, அன்னிக்கு விளக்கைப் பிடிக்கிறவன் இந்தப் பையன்தான். இனிமே வர்ற பதில்கள்ல கதையோட முக்கிய இடங்கள் எல்லாம் வெளிய வந்துடும், முதல்ல கதைய படிக்கணும்னு நினைக்கிறவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

இந்த வைத்தியர் நிஜமா வாழ்ந்தவரா? பிர்ரோவைத்தான் பேர் மாத்தி எழுதியிருக்கீங்களா?

வைத்தியரும் பையனும் கற்பனை. அதனாலதான் ரெண்டு பேருக்கும் பேர் வைக்கல. ஆனா அவர் பேசுற வாதங்கள்ல முக்கால்வாசி செக்ஸ்டஸ் எம்பிரிக்கஸ் எழுதி வச்சதுல இருந்து வந்தது. அவரும் வைத்தியர்தான், இப்படி தீர்ப்பை நிறுத்தி வைக்கிற பழைய சந்தேகவாதத்தைப் பத்தி நமக்கு முழுசா கிடைச்சிருக்கிற பெரிய எழுத்து அவரோடதுதான்.

இந்த சந்தேகவாதத்தைத் தொடங்கி வச்சவர்னு சொல்ற பிர்ரோ இதுக்கு ரொம்ப முன்னாடி, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு ஆளு, கிரேக்கத்துல எலிஸ்னு ஒரு ஊரு. அலெக்சாந்தர் படையோட இந்தியா வரைக்கும் வந்து இங்க இருந்த நிர்வாணத் துறவிகளைப் பாத்தவருன்னு சொல்றாங்க. அவர் ஒண்ணுமே எழுதி வைக்கல, அதனால அவரைப் பத்தி கதைகள்தான் மிச்சம். டயோஜினிஸ் லயர்டியஸ் தொகுத்து வச்ச கதைகள்ல ஒண்ணு, எதிர்ல வண்டி வந்தாலும் பள்ளம் வந்தாலும் நாய் வந்தாலும் பிர்ரோ ஒதுங்கவே மாட்டாரு, கூட இருந்த நண்பர்கள்தான் இழுத்து காப்பாத்துவாங்கன்னு. ஆனா அதே இடத்துலயே, பிர்ரோ வழியில பின்னாடி வந்த தத்துவவாதி ஈனெசிடெமஸ் இதை மறுத்ததும் இருக்கு, தத்துவத்துலதான் பிர்ரோ தீர்ப்பை நிறுத்தி வச்சாரே தவிர அன்றாட வாழ்க்கையில கண்ணை மூடிட்டு நடக்கலன்னு. பிர்ரோ கிட்டத்தட்ட தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தார்னும் அங்கயே சொல்லியிருக்கு. வண்டிக்கு ஒதுங்காத மனுஷன் தொண்ணூறைத் தொடறது எனக்கு நம்பற மாதிரி இல்ல, நான் ஈனெசிடெமஸ் பக்கம்தான்.

பிர்ரோவையே வச்சு எழுதியிருந்தா கதை அந்த வேடிக்கைகளோட நின்னுபோயிருக்கும். வாதம் நல்லா வளர்ந்து, எதிராளிங்க எல்லா ஓட்டையையும் தேடிப்பிடிச்சு கேட்டு முடிச்ச காலத்து ஆளு எனக்குத் தேவைப்பட்டாரு. அதான் செக்ஸ்டஸ் காலத்துக்குப் போனேன்.

எதையுமே தீர்ப்பு சொல்லாதவர் எப்படி சாப்பிடுவாரு, எப்படி ரோட்டுல நடப்பாரு? வண்டி வந்ததும் ஒதுங்கிட்டாரே, அப்பவே பையன் ஜெயிச்சுட்டான்தானே?

பையனும் அப்படித்தான் நினைக்கிறான். சிநேகிதன் ஒருத்தன்கிட்ட சொல்லி குறுகலான சந்துல கழுதை வண்டிய வேகமா ஓட்டிட்டு வரச்சொல்றான், வைத்தியர் சட்டுனு சுவத்தோட ஒட்டி நின்னுடறாரு. பையன் ஓடிவந்து, “ஐயா, ஒதுங்கினீங்களே, வண்டி நிஜம்னு ஒத்துக்கிட்டீங்க”ங்கிறான். அவர் சொல்றது இதுதான்: “வண்டி வர்ற மாதிரி எனக்குத் தோணுச்சு தம்பி, தோணினது தோணலன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?”

அன்னிக்கே இவங்களைப் பாத்து நிறைய பேர் கேட்ட கேள்விதான் இது. எதையும் நம்பாதவன் எதையும் செய்ய முடியாது, மரக்கட்டை மாதிரி கிடக்கவேண்டியதுதான்னு ஸ்டோயிக் ஆளுங்க திரும்பத் திரும்ப சொன்னாங்க. அதுக்கு செக்ஸ்டஸ் பதில், நாங்க தோற்றத்தைப் பின்பத்தி வாழறோம், அதுக்கு நாலு வழி இருக்கு. முதல்ல இயற்கை, நமக்கு கண்ணும் மனசும் இருக்கு, அது பாட்டுக்கு பாக்குது, யோசிக்குது. அடுத்தது உடம்போட கட்டாயம், பசி சோத்துக்கு இழுக்குது, தாகம் தண்ணிக்கு இழுக்குது, இதுக்கு யாரும் தத்துவம் பேசிட்டு உக்கார்றதில்ல. மூணாவது ஊர் வழக்கம், சட்டம். நாலாவது கத்துக்கிட்ட தொழில்.

இந்த நாலுல எதுக்குமே ‘பொருளோட உண்மையான இயல்பு இதுதான்’ங்கிற தீர்ப்பு வேணாம். சுவத்தோட ஒட்டி நிக்க பயமும் கண்ணும் போதும். பையன் தோக்கறது எங்கன்னா, வைத்தியர் தோற்றத்தையே மறுக்கிறாருன்னு எடுத்துக்கிட்டான், அவர் மறுக்கல. தோற்றத்துக்குப் பின்னால இருக்கிறதா மத்தவங்க அடிச்சு சொல்றதைப் பத்திதான் அவர் வாய் திறக்க மாட்டேங்கிறாரு. சொல்லப்போனா ‘அது அங்க இல்ல’ன்னும் சொல்ல மாட்டாரு.

தேன் காட்சி எனக்கு சரியா புரியல. தேன் இனிப்புதானே, அதுல என்ன சந்தேகம்?

கதையிலயே மெதுவா படிக்கவேண்டிய இடம் அதுதான், அதனால இங்க கொஞ்சம் விரிச்சே சொல்றேன். பையன் ஒரு கிண்ணத்துல தேன் கொண்டுவந்து வைக்கிறான், வைத்தியர் விரலால தொட்டு நக்கிட்டு “இனிக்குது”ங்கிறாரு. பையனுக்கு சந்தோஷம் தாங்கல, பிடிச்சுட்டோம்னு. அப்ப அவர் கேக்கறாரு, “எனக்கு இனிக்குது, சரி. ஆனா நீ என்கிட்ட வாங்க வந்தது அது இல்லையே, தேன் தன்னளவுல இனிப்பான பொருள்னு சொல்ல வைக்கத்தானே வந்த? நேத்து வந்தானே காமாலைக்காரன், அவனுக்கு கசந்துச்சு.” (காமாலைக்காரனுக்கு தேன் கசக்கும்னு அந்தக் காலத்துல பொதுவா சொல்லுவாங்க, செக்ஸ்டஸும் அதையேதான் எடுத்துக்கிறாரு.)

பையன் உடனே, “அவன் நோயாளி, ஆரோக்கியமா இருக்கிறவன் நாக்கைத்தான் நம்பணும்”ங்கிறான். நாம எல்லாரும் சொல்லக்கூடியதுதான். வைத்தியர் சண்டைக்குப் போகல. நோயாளி உடம்புல ஒரு கலவை ஓடுது, ஆரோக்கியமானவன் உடம்புலயும் ஏதோ ஒரு கலவை ஓடத்தானே செய்யுது, ரெண்டு பேருமே ஏதோ ஒரு நிலையில இருந்துதான் ருசி பாக்கறாங்க, இதுல ஒரு நிலை ஜட்ஜ் நாற்காலியில உக்காரணும் இன்னொண்ணு கூண்டுல நிக்கணும்னு எப்படி முடிவாச்சுன்னு மட்டும் கேக்கறாரு.

பையன் ஒரு காரணம் சொல்றான். அந்தக் காரணத்தை ஏன் ஏத்துக்கணும்னு அவர் கேக்க, அதுக்கு இன்னொரு காரணம், அதுக்கும் ஒண்ணு, இப்படி முடிவே இல்லாம போகுது. அது தெரிஞ்சதும் பையன் வழிய மாத்தறான், “ஆரோக்கியமான நாக்கு பொருள் எப்படி இருக்கோ அப்படியே காட்டும்”ங்கிறான். அப்படியே காட்டுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்னா, “தேன் இனிப்பு, இந்த நாக்கும் இனிப்புன்னுதான் காட்டுது, அதான்”ங்கிறான். அதாவது தேனுக்கு நாக்கு சாட்சி, நாக்குக்கு தேன் சாட்சி, ஒண்ணை ஒண்ணு தாங்கிட்டு நிக்குது. கடைசியா சலிச்சுப்போய், “இதுக்கெல்லாம் நிரூபணம் எதுக்கு, அப்படியே எடுத்துக்கவேண்டியதுதான்”ங்கிறான். “சரி தம்பி, காமாலைக்காரனும் அப்படியே எடுத்துக்கிட்டா?”

இந்த மூணு சிக்கலும், முடிவில்லாம நீள்றது, வட்டமடிக்கிறது, சும்மா அனுமானிச்சுக்கறது, அக்ரிப்பாங்கிறவர் பேர்ல சொல்லப்படுற அஞ்சு வழிகள்ல வருது. மிச்ச ரெண்டு, ஆளுக்கு ஆள் கருத்து முரண்படறது, பாக்கறவன் நிலையைப் பொறுத்து பொருள் மாறித் தெரியறது. காட்சிய ஆரம்பிச்சு வச்சதே அந்த ரெண்டும்தான், காமாலைக்காரன் உள்ள வந்தது அதுக்குத்தான். கதையில நான் இந்தப் பேரை எங்கயும் சொல்லல, பையன் ஒவ்வொரு பொறியிலயும் தானா போய் விழணும்னு நினைச்சேன்.

ஒரு விஷயம் கவனிங்க. வைத்தியர் எந்த இடத்துலயும் ‘தேன் இனிப்பு இல்ல’ன்னு சொல்லல. அப்படிச் சொல்லியிருந்தா அதே மூணு கேள்வியை பையன் திருப்பிக் கேட்டிருக்கலாம், அவரும் அதே மாதிரி மாட்டியிருப்பாரு.

வைத்தியம் பாக்கறவருக்கு இந்தக் கொள்கை எப்படி ஒத்துவரும்? நோய்க்கு காரணம் தெரியாம மருந்து கொடுக்க முடியுமா?

அன்னிக்கு ஒரு பெரிய வைத்தியக் கூட்டமே ‘முடியும்’னு சொல்லிச்சு. அனுபவ வைத்தியர்கள்னு பேரு, செக்ஸ்டஸ் பேருக்குப் பின்னால ஒட்டியிருக்கிற எம்பிரிக்கஸ் அதுதான். உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத காரணங்களைத் தேடறதை அவங்க விட்டுட்டாங்க. தானே கண்ணால பாத்தது, மத்தவங்க பாத்து எழுதி வச்சது, இதுவரைக்கும் பாக்காத நோய் வந்தா அதுக்கு கிட்ட இருக்கிற நோய்க்கு என்ன கேட்டுதோ அதை முயற்சி பண்றது, இந்த மூணுதான் அவங்க கையிருப்பு. (செக்ஸ்டஸே ஒரு இடத்துல, மறைஞ்ச காரணங்களை ‘அறியவே முடியாது’ன்னு அடிச்சுச் சொல்றதும் ஒரு தீர்ப்புதானேன்னு இவங்களையும் விட்டுவைக்கல, முறைவாதிகள்னு இன்னொரு வைத்தியக் கூட்டம் சந்தேகவாதிக்கு இன்னும் நெருக்கம்கிறாரு. கதையில இந்த உள்தகராறுக்குள்ள நான் போகல.)

கதையில இது வர்ற இடம் ஒரு தழும்பு. ஒரு படகுக்காரன் கையில பழைய தழும்பு, வைத்தியர் பாத்துட்டு “இங்க வெட்டு பட்டிருக்கு”ங்கிறாரு. பையன் மறுபடி பாயறான், கண்ணுக்குத் தெரியாததைப் பத்தி தீர்ப்பு சொல்லிட்டீங்கன்னு. அவர் சொல்றது, வெட்டையும் தழும்பையும் சேத்து நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், அதனால ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணு ஞாபகம் வருது, புகையைப் பாத்தா நெருப்பு ஞாபகம் வர்ற மாதிரி. ஆனா வேர்வையைப் பாத்துட்டு ‘தோல்ல கண்ணுக்கே தெரியாத துளை இருக்கு’ன்னு சொல்றாங்களே, அந்தத் துளையை எவனும் வேர்வையோட சேத்துப் பாத்ததில்ல, அங்கதான் நான் நிறுத்திக்கிறேன்.

இன்னிக்கு நமக்கு மைக்ரோஸ்கோப் இருக்கு, துளை இருக்கிறது தெரியும். அதனால அவர் வாதம் பொய்யாயிடுச்சுன்னு சில பேர் எழுதியிருந்தாங்க. எனக்கு அப்படித் தோணல. மைக்ரோஸ்கோப்ல பாத்ததுக்கப்புறம் அது ‘சேத்துப் பாத்தது’ பட்டியலுக்கு வந்துடுச்சு. ஆனா இப்படிப்பட்ட வைத்தியர் தானா ஒரு மைக்ரோஸ்கோப்பைத் தேடிப் போயிருப்பாரான்னு கேட்டா, அது அவருக்கு எதிரான பலமான கேள்விதான்.

“எதையும் தீர்ப்பு சொல்லக்கூடாது”ங்கிறதே ஒரு தீர்ப்புதானே? பையன் ஏன் இதைக் கேக்கல?

கேக்கறான், நாலாவது பகுதியில. பதில் ரெண்டே வரிதான்கிறதால நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க போல. பேதி மருந்து வயித்துல இருக்கிற கழிவோட சேத்து தன்னையும் வெளிய தள்ளிக்குதே, என் பேச்சும் அப்படின்னு சொல்லிட்டு நோயாளியைப் பாக்கப் போயிடறாரு. இந்த உவமை செக்ஸ்டஸோடது, வைத்தியர் வாயில அது இன்னும் பொருந்திச்சு.

இன்னொண்ணு, ‘தீர்ப்பு சொல்லக்கூடாது’ன்னு அவர் விதி போடல. ‘இதுவரைக்கும் பாத்ததுல எனக்கு ரெண்டு பக்கமும் சமமா படுது’ன்னு தன் நிலைமையைச் சொல்றாரு, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு பக்கம் கனமாத் தெரிஞ்சா? தெரியட்டும், தேடலை அவர் நிறுத்தல. எதையுமே அறிய முடியாதுன்னு முடிவே கட்டினவங்கள்னு செக்ஸ்டஸ் சொல்றது பிளேட்டோ தொடங்கின அகாதெமிங்கிற பள்ளியில பின்னாடி வந்தவங்களை, அந்த முடிவையும் இவர் எடுக்கல.

கயிறு பாம்பு காட்சி நம்ம வேதாந்தத்துல இருந்து எடுத்துப் போட்டதா?

இல்லைங்க. அது கிரேக்கத்துலயே இருக்கு, கி.மு. 2-ஆம் நூற்றாண்டுல அகாதெமித் தலைவரா இருந்த கார்னியாடெஸ் சொன்னதா செக்ஸ்டஸ் எழுதறாரு. இருட்டு அறையில சுருண்டு கிடக்கிற கயிறு, ஒருத்தன் பாம்புன்னு நினைச்சு தாண்டிக் குதிக்கிறான். திரும்பிப் பாத்தா அசையல, கயிறுதான் போலன்னு படுது. ஆனா குளிர்காலத்துல பாம்பு விறைச்சு அசையாமலும் கிடக்குமே, அதனால குச்சியால குத்திப் பாக்கறான், அப்பவும் அசையலன்னா கயிறுன்னு வச்சுக்கிட்டு வேலையைப் பாக்கறான்.

சங்கரர் பேசற கயிறும் இதே மாதிரிதான் கிடக்குது, ஆனா அங்க கயிறு தெரிஞ்சதும் பாம்பு பொய்னு முடிவாகிடும், கதையே அந்த விடியலைப் பத்தினது. கார்னியாடெஸுக்கு அந்த முடிவு கிடையாது, குத்தக் குத்த நம்பிக்கை கூடிக்கிட்டே போகும், கடைசி வரைக்கும் அது ‘நம்பலாம் போல’ங்கிற அளவுலதான் நிக்கும். என் வைத்தியர் இந்த அளவைக்கூட எடுத்துக்க மாட்டாரு, இது அதைவிட நம்பத்தகுந்ததுன்னு தரம் பிரிக்கிறதே அவருக்கு ஒரு படி அதிகம். பையன் வச்ச கயித்தை அவர் குச்சியால தள்ளிட்டு போறதோட காட்சி முடியுது, அது பழக்கத்துல செஞ்சதுதான்.

சீழ்க்கட்டிய அறுக்கும்போது வைத்தியர் வீறிட்டுக் கத்தறாரே, அங்க அவர் தோத்துட்டாருன்னுதான் நான் படிச்சேன். சரியா?

அதிகம் வந்த கேள்வி இதுதான். அந்த அறைய ஒரு தடவை திரும்பப் பாத்துடலாம். கட்டி வலது தொடையில, பின்பக்கமா. அறுக்கறது அவரோட பழைய சிநேகிதர், அவரும் வைத்தியர். ரெண்டு விரலை கட்டியோட ரெண்டு பக்கமும் வச்சு ஒண்ணால அமுக்கறாரு, உள்ள இருக்கிறது நழுவி அடுத்த விரலைத் தள்ளுது, பழுத்துடுச்சுன்னு அர்த்தம். சீழ் தானா வடியணும்ங்கிறதுக்காக அடிப்பக்கத்துல கத்திய வைக்கிறாரு. மயக்க மருந்துன்னு ஒண்ணும் கிடையாது, கொஞ்சம் திராட்சரசம்தான். கத்தி இறங்கின உடனே நம்ம ஆளு பெஞ்சை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறாரு. அடுத்த நிமிஷம் அறை இருட்டாகுது, விளக்கு பிடிச்சிருந்த பையன் மயங்கி கீழ விழுந்துட்டான். கத்தினவர்தான், “அந்தப் பையனைப் பாருங்க, விளக்கெண்ணெய் சட்டையில கொட்டியிருக்கும்”ங்கிறாரு.

கத்தினது ஏன் தோல்வி இல்லன்னா, வலிக்காதுன்னு அவர் எப்பவுமே வாக்கு கொடுக்கல. பிர்ரோ முகம் சுளிக்காம அறுவையும் சூடும் தாங்கினாருன்னு கதை உண்டு, செக்ஸ்டஸ் அவ்வளவு தூரம் போகல. குளிரும் தாகமும் வலியும் சந்தேகவாதிக்கும் வரும், அதுல அவனுக்கு மிதமான பாடுதான்னு சொல்றாரு. மத்தவங்களுக்கு ரெண்டு பாடு, ஒண்ணு வலி, இன்னொண்ணு ‘இது இயல்புலயே பெரிய கேடு, எனக்குப் போய் வந்துடுச்சே’ங்கிற எண்ணம். சந்தேகவாதிக்கு அந்த ரெண்டாவது இல்ல. இதுக்கு செக்ஸ்டஸ் காட்டற சாட்சிதான் என் கதைக்கே விதை: அறுபடறவன் பல தடவை தாங்கிக்கிறான், பக்கத்துல நின்னு பாக்கறவன் மயங்கி விழறான். அவன் உடம்புல கத்தி படவே இல்ல, அவனைக் கீழ தள்ளினது இது கேடுங்கிற எண்ணம் மட்டும்தான்னு அவர் சொல்றாரு.

அதனால எழுத ஆரம்பிக்கும்போது இதையே கதையோட உச்சமா வச்சிருக்கலாம், பையன் விழுந்தான், வைத்தியர் வாதம் நிரூபணமாச்சுன்னு முடிச்சிருக்கலாம். ஆனா எனக்கு அதுக்கடுத்த காட்சிதான் முக்கியம். மறுநாள் பையன் வெக்கத்தோட வர்றான், மத்த பசங்க சிரிக்கிறாங்க, பாத்தியா, உன் தீர்ப்புதான் உன்னைத் தள்ளிவிட்டுச்சுன்னு. பையன் சொல்றான், “ஐயா, சத்தியமா நான் எதையும் நினைக்கல. கேடுன்னும் நினைக்கல, நல்லதுன்னும் நினைக்கல. ரத்தம் தெரிஞ்சுது, காது அடைச்சுது, அவ்வளவுதான் தெரியும்.” வைத்தியர் கொஞ்சம் யோசிச்சுட்டு, “அப்படியும் இருக்கலாம். அப்ப அந்த உதாரணம் நான் சொல்றதுக்கு சாட்சி ஆகாது, இனிமே அதைச் சொல்ல மாட்டேன்”ங்கிறாரு.

பையன் சொன்னது வெறும் சாக்கு இல்ல. ரத்தத்தைப் பாத்து மயங்கறப்ப நரம்பு வழியா இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டுனு இறங்கி மூளைக்கு ரத்தம் கொறையுதுன்னு இன்னிக்கு எந்த டாக்டரும் சொல்லுவாங்க, அதுக்கு ‘இது கேடு’ங்கிற கருத்து இருந்தே தீரணும்னு இல்ல. செக்ஸ்டஸோட சாட்சியில அந்த ஓட்டை இருக்கு.

என்னைப் பொறுத்தவரைக்கும் பையனோட உண்மையான சோதனை இதுதான், அவன் தெரியாமலே வச்சது. வண்டிக்கு ஒதுங்கினாரா, வலிக்கு கத்தினாராங்கிறதெல்லாம் மேலோட்டம். எதிராளி வாதத்தை நிறுத்தி வைக்கிறது யாருக்கும் சுலபம். தனக்கு ஜெயிச்சுக் கொடுத்த வாதத்தை, அதுவும் நாலு பேர் கைதட்டிட்டு இருக்கும்போது கீழ வைக்க முடியுதாங்கிறதுதான் இந்தக் கொள்கைய ஒருத்தன் வாழறானா பேசறானான்னு காட்டும்னு நான் நம்பறேன். கதையில அவர் அந்த இடத்துல தேறிட்டாரு.

அப்படின்னா பையன் ஏன் கடைசியில அவரை விட்டுட்டுப் போறான்? கொடுங்கோலன் கேள்விக்கு அவர் சொன்ன பதில் எனக்கும் திருப்தியா இல்ல.

எனக்கும் முழு திருப்தி இல்ல, அதனாலதான் அதைக் கடைசியில வச்சேன். பையன் கேக்கறது பழைய கேள்வி, செக்ஸ்டஸே தன் எதிராளிங்க கேட்டதா குறிச்சு வச்சிருக்காரு. ஒரு கொடுங்கோலன் உங்களைப் பிடிச்சு வாயால சொல்லவே கூசற ஒரு காரியத்தைச் செய், இல்லன்னா சாவுங்கிறான். செஞ்சீங்கன்னா சாவைக் கேடுன்னு ஒதுக்கியிருக்கீங்க, மறுத்தீங்கன்னா அந்தக் காரியத்தைக் கேடுன்னு ஒதுக்கியிருக்கீங்க, எந்தப் பக்கம் போனாலும் ஒரு தீர்ப்பு வெளிய வந்துடும்.

வைத்தியரோட பதில் செக்ஸ்டஸோட பதில்தான். நான் வளர்ந்த ஊரோட சட்டமும் முன்னோர் வழக்கமும் என்னை எப்படிப் பழக்கியிருக்கோ அதன்படி ஒண்ணைத் தேர்ந்தெடுப்பேன், ஒருவேளை மறுத்து சாவேன், ஒருவேளை மாட்டேன். அதோட, கேடுங்கிற கூடுதல் நினைப்பு இல்லாததால மத்தவனைவிட லேசா தாங்குவேன்.

வாதமாப் பாத்தா இதுல ஓட்டை இல்ல, நாலு வழியில மூணாவதா சொன்ன வழக்கம்தான் இங்க வேலை செய்யுது. ஆனா பையன் அடுத்ததா கேக்கறான், “அந்த வழக்கமே கொடுமையா இருந்தா? கொடுங்கோலன் கேக்கறதை உங்க ஊர் சட்டமே சொன்னா?” இதுக்கு வைத்தியர்கிட்ட பதில் இல்ல. வழக்கத்துக்கு எதிரா நிக்க, வழக்கத்தைவிட உறுதியான ஏதோ ஒண்ணு காலுக்கடியில வேணும், அவர் அப்படி ஒண்ணை வச்சுக்கல. தேன்லயும் வேர்வையிலயும் தீர்ப்பை நிறுத்தி வச்சா யாருக்கும் நஷ்டமில்ல. பக்கத்து வீட்டு அடிமையை சட்டப்படி சவுக்கால அடிக்கிறப்ப நிறுத்தி வச்சா? ரோம சாம்ராஜ்யத்துல இது கற்பனைக் கேள்வி இல்ல, தினமும் நடந்தது. அவரோட வீட்டுலயே அடிமை ஒருத்தன் இருக்கான், கதையோட ஆரம்பத்துல இருந்து தண்ணி கொண்டுவந்து வைக்கிறவன் அவன்தான், சில பேர் கவனிச்சு எழுதியிருந்தாங்க.

பையன் திரும்ப ஸ்டோயிக் பள்ளிக்கே போறான்னு நான் எழுதல. தேன் கேள்விகளுக்கு அங்கயும் பதில் இல்லன்னு அவனுக்கு இப்ப தெரியும். வைத்தியர் அவனைத் தடுக்கல, சமாதானமும் சொல்லல, கொடுமையான சட்டத்தைப் பத்தி அவன் கேட்டதை தன் குறிப்புச்சுருள்ல எழுதி வச்சுக்கிட்டாரு, பதில் எழுதவேண்டிய இடத்தைக் காலியா விட்டுட்டாரு.